எந்த சிலிண்டர் என்பதோடு எப்போது என்பதையும் பாருங்கள்: மிஸ்ஃபயர் எண்ணிக்கையைக் கொண்டு காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் கோளாறுகளைப் பிரித்தறியும் வழிமுறை

மூன்றாவது சிலிண்டரில் கலவை எரியத் தவறுகிறது, அதாவது மிஸ்ஃபயர் ஆகிறது என்று சொல்லும் P0303 கோடு ஸ்கேனரில் வந்தவுடன் அந்த சிலிண்டரின் காயிலை மாற்றுவது பணிமனைகளில் வழக்கமாகிவிட்டது. பல நேரங்களில் வண்டி சரியாகியும் விடுகிறது, ஏனெனில் காயில்தான் அடிக்கடி கெடும் பாகம். சரியாகாதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. அடுத்து பிளக், அதற்கடுத்து இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறோம். உரிமையாளரின் பணம் கரைகிறது, கோளாறு அப்படியே இருக்கிறது. அந்தக் கோடு நமக்குச் சொல்வது எந்த சிலிண்டர் என்பதை மட்டும்தான். லைவ் டேட்டாவில் சிலிண்டர் வாரியாக ஓடும் மிஸ்ஃபயர் எண்ணிக்கையோ, அந்த சிலிண்டர் எந்த நிலையில் தவறுகிறது, எந்த நிலையில் தவறுவதில்லை என்பதையும் காட்டுகிறது. காயிலையும் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது தகவல்தான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வண்டி, 1-3-4-2 என்ற வரிசையில் தீப்பற்றும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உண்டு. இன்ஜெக்டர்கள் இன்டேக் மேனிஃபோல்டில் அமைந்தவை.

அந்த எண் எதை எண்ணுகிறது

என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம். ஸ்பார்க்கைப் பார்ப்பதில்லை, பெட்ரோல் தெளிப்பதையும் பார்ப்பதில்லை. ஒரு சிலிண்டரில் கலவை எரியும்போது கிராங்க் ஷாஃப்ட் சற்றே வேகம் கூடும். எரியாவிட்டால் அந்த உந்துதல் வராமல் வேகம் குறையும். கிராங்க் சென்சார் எதிரே சுற்றும் பல்சக்கரத்தின் பற்கள் கடந்து செல்லும் நேரத்தை அளந்து, எந்த சிலிண்டரின் முறை வந்தபோது உந்துதல் வரவில்லையோ அந்த சிலிண்டரின் கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது. ஆகவே காயில் செத்தாலும், இன்ஜெக்டர் அடைத்தாலும், வால்வு மூடாமல் போனாலும் எண் ஒரே மாதிரிதான் ஏறும். காரணத்தை எண்ணே சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

எண்ணை ஒரு விகிதமாகப் படிக்கப் பழக வேண்டும். பெரும்பாலான இ.சி.எம்.கள் 200 சுற்றுகளை ஒரு தொகுதியாக வைத்து, கேட்டலிடிக் கன்வெர்டருக்குக் கேடு வருமா என்று பார்க்கின்றன. புகை அளவு வரம்பைத் தாண்டுமா என்பதற்கு 1000 சுற்றுகளைத் தொகுதியாகக் கொள்கின்றன. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிகிறது. எனவே 200 சுற்றில் ஒரு சிலிண்டருக்கு 100 வாய்ப்புகள் உண்டு. 750 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் அந்த 200 சுற்று 16 விநாடியில் முடிந்துவிடும். அந்த 16 விநாடியில் மூன்றாவது சிலிண்டரின் எண் 95-ஐத் தாண்டினால், அது அறவே எரியவில்லை என்று பொருள்: கனெக்டர் கழன்றிருக்கலாம், காயிலோ இன்ஜெக்டரோ முழுதாகச் செத்திருக்கலாம். 20 என்று வந்தால் ஐந்தில் ஒரு முறை தவறுகிறது. சிலிண்டர் வேலை செய்கிறது, ஆனால் ஏதோ ஒன்று விளிம்பில் நிற்கிறது. இந்த விளிம்பில் நிற்கும் கோளாறுகளைத்தான் எண்ணிக்கை மிக நன்றாகப் பிரித்துக் காட்டும்.

உங்கள் ஸ்கேனர் எந்தத் தொகுதிக்கு எண்ணுகிறது, தொகுதி முடிந்ததும் எண் பூச்சியத்துக்குத் திரும்புகிறதா, தொடர்ந்து கூடிக்கொண்டே போகிறதா என்பதை முதலில் கவனியுங்கள். சில வண்டிகளில் நடப்பு எண், பழைய எண் என்று இரண்டு வரிகள் வரும். நடப்பு எண்தான் இப்போது நடப்பதைக் காட்டும். பழைய எண் சில நாள் முந்தைய கோளாறையும் சுமந்துகொண்டிருக்கும். நிறுவன ஸ்கேனர் இல்லாதவர்கள் சாதாரண ஸ்கேனரில் மோட் 06-ஐத் திறக்கலாம். கேன் தொடர்பு உள்ள வண்டிகளில் முதல் சிலிண்டருக்கு `MID $A2`, இரண்டாவதற்கு `$A3`, மூன்றாவதற்கு `$A4`, நான்காவதற்கு `$A5` என்று வரிசை செல்லும்.

```
MID $A4  TID $0B
MID $A4  TID $0C
```

இவற்றில் `$0C` இந்த ஓட்டத்தின் எண்ணிக்கை. `$0B` கடந்த 10 ஓட்டங்களின் நிறையிட்ட சராசரி; அதில் புதிய ஓட்டத்துக்குப் பத்தில் ஒரு பங்கு எடைதான் உண்டு. பழுது நீக்கிய அன்று மாலையும் `$0B` உயர்ந்தே நிற்பதைப் பார்த்து, பழுது நீங்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படிப்பதற்கு முன்

கோடை அழிக்காதீர்கள். முதலில் ஃபிரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடு பதிவான கணத்தின் ஆர்.பி.எம்., சுமை, கூலன்ட் வெப்பம், வண்டி வேகம் ஆகியவை அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். வண்டி எந்த நிலையில் தவறியது என்பதற்கான முதல் சாட்சி அதுதான்.

அடுத்தது, கிராங்க் சென்சார், ஃபிளைவீல், கிளட்ச் போன்றவற்றில் அண்மையில் வேலை நடந்ததா என்று கேளுங்கள். பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை இ.சி.எம். கற்று வைத்திருக்கும். சக்கரமோ சென்சாரோ மாறிய பின் சில வண்டிகளில் அதை மீண்டும் கற்பிக்க வேண்டியிருக்கும். கற்பிக்காவிட்டால் என்ஜின் மிருதுவாக ஓடும்போதே எண் ஏறும். என்ஜின் சற்றும் உதறவில்லை, எண் மட்டும் ஏறுகிறது என்றால் பாகங்களைக் கழற்றுவதற்கு முன் இதைத்தான் ஐயப்பட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு சிலிண்டர் கடுமையாகத் தவறினால், கன்வெர்டரைக் காக்க அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரையே இ.சி.எம். நிறுத்திவிடக்கூடும். அப்போது இன்ஜெக்டர் கனெக்டரில் விளக்கு வைத்துப் பார்த்தால் சிமிட்டல் இருக்காது, வயரிங் போய்விட்டது என்று தோன்றும். சாவியை அணைத்து, சற்றுப் பொறுத்து, மீண்டும் ஸ்டார்ட் செய்து முதல் சில விநாடிகளில் பாருங்கள். சிமிட்டல் வந்து பின்பு நின்றால் நிறுத்தியது இ.சி.எம். தான்.

மூன்று நிலைகளில் பாருங்கள்

என்ஜின் நன்றாகச் சூடான பின் மூன்று நிலைகளில் எண்ணைக் குறிக்க வேண்டும். முதலாவது, ஏ.சி. அணைத்த ஐடிலிங். இரண்டாவது, நிறுத்திய நிலையில் 2500 ஆர்.பி.எம். மூன்றாவது, சாலையில் மூன்றாம் அல்லது நான்காம் கியரில் 1500 ஆர்.பி.எம்.-இல் இருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து ஏறுதல். மேடான சாலை கிடைத்தால் நல்லது. குண்டும் குழியுமான சாலை வேண்டாம். டயர் குதிப்பது கிராங்க் ஷாஃப்ட் வரை போய் எண்ணைக் கெடுக்கும், அல்லது கரடுமுரடை உணர்ந்து இ.சி.எம். எண்ணுவதையே நிறுத்திவிடும். ஓட்டுபவர் ஒருவர், ஸ்கேனரைப் பதிவில் வைத்துப் பார்ப்பவர் இன்னொருவர் என்று இருவர் போவதே பாதுகாப்பு. செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கன்வெர்டர் அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை மூன்றாம் நிலைச் சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஐடிலிங்கில் கிடைப்பதோடு நிறுத்துங்கள்.

இந்த மூன்று எண்களுடன், இ.சி.எம். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதமான குறுகிய கால, நீண்ட கால ஃபியூல் டிரிம்களையும் ஒரே தாளில் எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: ஐடிலிங்கில் எண் இல்லை, மிதித்து ஏறும்போது ஓடுகிறது

இது காயில் அல்லது பிளக்கின் முகம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. ஐடிலிங்கில் 10 ஆயிரம் வோல்ட் அளவில் போதுமானது, முழுச் சுமையில் 20 ஆயிரத்தையும் தாண்டும். காயிலின் உள்சுருளில் காப்பு பலவீனமாகியிருந்தாலோ, காயில் பூட்டின் ரப்பரில் கீறல் விழுந்திருந்தாலோ, மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் எளிய வழியில் தரைக்குப் பாய்ந்துவிடும். இந்தத் தேவை உச்சத்தை எட்டுவது குறைந்த ஆர்.பி.எம்.-இல் முழு மிதிப்பின்போது. 4000-க்கு மேல் போனால் எண் குறைவதும் உண்டு.

ஐயம் காயில் மீது விழுந்துவிட்டது என்பதால் புதுக் காயில் வாங்கிவிட வேண்டாம். மூன்றாவது சிலிண்டரின் காயிலை முதலாவதற்கும், அதன் பிளக்கை இரண்டாவதற்கும் மாற்றுங்கள்; அங்கிருந்து எடுத்த நல்ல காயிலும் நல்ல பிளக்கும் மூன்றாவதற்குப் போகட்டும். இன்ஜெக்டரை இருந்த இடத்திலேயே விடுங்கள். எண்ணை அழித்துவிட்டு அதே சாலையில் அதே கியரில் மீண்டும் ஏறுங்கள். எண் முதல் சிலிண்டருக்குப் போனால் காயில், இரண்டாவதற்குப் போனால் பிளக். மூன்றிலேயே நின்றால் பொறி தொடர்பான இரண்டு பாகங்களும் ஒரே ஓட்டத்தில் குற்றமற்றவை ஆகிவிடுகின்றன. காயில் கனெக்டரும் வயரும் மட்டுமே அந்தப் பக்கத்தில் பாக்கி. ஒவ்வொன்றாக மாற்றி மூன்று முறை ஓட்டுவதைவிட இந்த முறையையே நான் எப்போதும் விரும்புகிறேன், ஏனெனில் மூன்று ஓட்டங்களுக்கிடையே என்ஜின் வெப்பமும் சாலையும் மாறிவிடும், ஒப்பிட முடியாமல் போகும்.

பிளக்கைக் கையில் எடுத்திருக்கும்போதே அதன் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். மேல் முனையிலிருந்து இரும்பு அறுகோணம் வரை பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கரிய கோடு ஒன்று இறங்கியிருந்தால், மின்சாரம் பீங்கானின் மேல்தோல் வழியாகவே ஓடியிருக்கிறது. அதற்கு எதிரே பூட்டின் உட்புறத்திலும் அதே கோட்டின் மறுபாதி தெரியும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால், பழையதில் உள்ள கோடு சில நாட்களில் புதியதையும் கெடுத்துவிடும். மாற்றினால் பிளக்கையும் பூட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கட்டும் அந்த வேலையில் சேர வேண்டும்.

அறிகுறி: ஐடிலிங்கிலும் சீரான ஓட்டத்திலும் எண் ஓடுகிறது, ஃபியூல் டிரிம் கூடியிருக்கிறது

இங்கே இன்ஜெக்டரை நினைக்கலாம், ஆனால் டிரிம்மை மட்டும் நம்ப வேண்டாம். பொறி இல்லாமல் தவறும் சிலிண்டரும் எரியாத ஆக்ஸிஜனை அப்படியே எக்ஸாஸ்டில் தள்ளுகிறது. ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை. ஆக்ஸிஜனை மட்டும் கண்டு கலவை மெலிந்திருக்கிறது என்று சொல்கிறது, டிரிம் கூடுகிறது. ஆகவே செத்த காயிலுக்கும் செத்த இன்ஜெக்டருக்கும் டிரிம் ஒரே திசையில்தான் போகும். இரண்டையும் பிரிப்பது எக்ஸாஸ்ட் வாசனை: பொறி இல்லாத சிலிண்டர் பச்சைப் பெட்ரோலைத் தள்ளும், இன்ஜெக்டர் செத்த சிலிண்டர் வெறுங்காற்றைத் தள்ளும். எடுத்த பிளக்கும் அதே கதையைச் சொல்லும். முன்னதில் ஈரம், பின்னதில் உலர்ந்து வெளிறிய முனை.

பாதி அடைத்த இன்ஜெக்டரின் கணக்கு சற்று நுட்பமானது. நான்கு சிலிண்டரின் புகையும் ஒரே சென்சாரில் கலக்கிறது. ஒரு சிலிண்டருக்கு 20 சதவீதம் பெட்ரோல் குறைந்தால், சராசரியில் தெரியும் குறைவு 5 சதவீதம்தான். இ.சி.எம். அந்த 5-ஐ நான்குக்கும் சமமாகக் கூட்டும். நல்ல மூன்றும் சற்றுச் செழிக்கும், அடைத்தது இன்னமும் 15 சதவீதத்துக்கு மேல் மெலிந்தே நிற்கும். எனவே டிரிம் வெறும் +5 என்று சாதுவாகக் காட்டும்போதே ஒரு சிலிண்டர் தவறிக்கொண்டிருக்கலாம்.

அந்த சிலிண்டரின் இன்டேக் குழாயருகே காற்றுக் கசிவு இருந்தாலும் ஐடிலிங்கில் இதே படம்தான் கிடைக்கும். அதை மூன்று நிலை அட்டவணை பிரித்துவிடும். கசியும் காற்றின் அளவு ஏறத்தாழ மாறாதது. ஐடிலிங்கில் அது பெரும் பங்கு, 2500-இல் சிறு பங்கு. ஆகவே கசிவில் டிரிம்மும் எண்ணும் 2500-இல் இறங்கிவிடும். அடைத்த இன்ஜெக்டரிலோ குறைவு விகிதப்படி தொடரும், மிதித்து ஏறும்போதும் எண் ஓடும். புகை எந்திரத்தால் இன்டேக்குக்குள் புகையைச் செலுத்தி, மேனிஃபோல்ட் கேஸ்கட்டருகே அது வெளியேறுகிறதா என்று பார்த்தால் கசிவு உறுதியாகும்.

உறுதி செய்ய இன்ஜெக்டரையே இடம் மாற்றுவதுதான் நேர்வழி. ரெயிலின் அழுத்தத்தை விடுவித்துக் கழற்றி, மூன்றாவதை இரண்டாவதுடன் மாற்றி, புது ஓ-ரிங் போட்டு எண்ணைப் பாருங்கள். கழற்றும் முன் கனெக்டரில் ஓம் பாருங்கள். இவ்வகை இன்ஜெக்டர்களில் சுமார் 12 முதல் 16 ஓம் வரும், நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஓம் சரியாக இருப்பது சுருள் நன்றாக இருக்கிறது என்பதைத்தான் காட்டும், துளை திறந்திருக்கிறது என்பதைக் காட்டாது. நேரடி இன்ஜெக்ஷன் என்ஜின்களில் இந்த இடமாற்றத்தைச் சோதனைக்காகச் செய்யாதீர்கள். அங்கே ஒவ்வொரு கழற்றலுக்கும் புது டெஃப்லான் சீல் வேண்டும், சில வண்டிகளில் இன்ஜெக்டரின் திருத்த எண்ணையும் இ.சி.எம்.-இல் எழுத வேண்டும். அங்கே கம்ப்ரஷனை முதலில் பார்த்துவிட்டு இன்ஜெக்டருக்கு வருவதே சிக்கனம்.

ஒழுகும் இன்ஜெக்டர் வேறு முகம் காட்டும். சூடான வண்டியை 20 நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் முதல் சில விநாடிகள் எண் ஓடி, பிறகு அடங்கும். டிரிம் கழித்தல் பக்கம் சாய்ந்திருக்கும், பிளக் முனையில் கரி படிந்திருக்கும்.

அறிகுறி: இரண்டு சிலிண்டர்களில் எண் ஓடுகிறது

இரண்டின் அளவையும் ஒப்பிடுங்கள். மூன்றில் 60, நான்கில் 5 என்றால் நான்காவதை விட்டுவிடலாம். மூன்றாவது தவறியதால் கிராங்க் ஷாஃப்ட் ஆடும் ஆட்டம், அடுத்து எரியும் நான்காவதின் கணக்கில் சிதறி விழுகிறது. எரியும் வரிசையில் அடுத்து நிற்கும் சிலிண்டருக்குத்தான் இது வரும், அருகில் இருக்கும் சிலிண்டருக்கு அல்ல.

இரண்டும் சம அளவில் ஓடினால் எந்த இரண்டு என்று பாருங்கள். 1, 4 என்றால், இரு சிலிண்டருக்கு ஒரு காயில் வைத்த பழைய அமைப்பில் பொதுக் காயில் போயிருக்கலாம். 1, 2 அல்லது 3, 4 என்றால் அவை அடுத்தடுத்து அமர்ந்தவை, பொதுக் காயில் இல்லாதவை. இடையே ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கக்கூடும். 2, 3 மட்டும் ஏமாற்றும், ஏனெனில் பொதுக் காயிலாலும் அது வரலாம், கேஸ்கட்டாலும் வரலாம். அங்கே கம்ப்ரஷன் கேஜ்தான் நடுவர்: கேஸ்கட் என்றால் இரண்டிலும் அளவு சேர்ந்தே வீழ்ந்திருக்கும். நான்கிலும் பரவலாக ஓடினால் இந்த வழிமுறை பொருந்தாது. பெட்ரோல் அழுத்தம், ஈ.ஜி.ஆர்., வால்வு டைமிங் என்று பொதுவானவற்றுக்குப் போக வேண்டும்.

அறிகுறி: சூடான ஐடிலிங்கில் எண் ஓடுகிறது, வேகம் கூட்டினால் மறைகிறது, எந்தப் பாகத்துடனும் இடம் மாறுவதில்லை

கம்ப்ரஷன் கசிவின் முகம் இது. வால்வு முழுதாக மூடாவிட்டால், அழுத்தும் ஸ்ட்ரோக்கில் கலவை வெளியேறுகிறது. ஐடிலிங்கில் அந்த ஸ்ட்ரோக் நீண்ட நேரம் நடக்கிறது, கசிய அவகாசம் அதிகம். 2500-இல் அவகாசம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. மிதித்து ஏறும்போது உள்ளே வரும் கலவையே அதிகம் என்பதால், சிறிது கசிந்தாலும் எரிய மிச்சம் இருக்கும். காயில் கோளாறுக்கு நேர் எதிரான படம் இது.

என்னிடம் வந்த ஒரு வண்டியை முழுதாகச் சொல்கிறேன். ஏறத்தாழ 1,10,000 கிலோமீட்டர் ஓடிய, பின்னர் சி.என்.ஜி. கிட் பொருத்திய நான்கு சிலிண்டர் கார். சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வரை உதறல், கிளம்பினால் சுகம். கோடு P0303. வேறோர் இடத்தில் அந்த சிலிண்டரின் காயிலையும் நான்கு பிளக்குகளையும் மாற்றியிருந்தார்கள், உதறல் போகவில்லை. ஃபிரீஸ் ஃப்ரேமில் 740 ஆர்.பி.எம்., கூலன்ட் 92 டிகிரி, வேகம் பூச்சியம். அந்த ஒரு வரியே காயிலுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

காலையில் குளிர்ந்த என்ஜினை எடுத்தபோது முதல் ஐந்து நிமிடம் நான்கு சிலிண்டரிலும் பூச்சியம். 90 டிகிரியைத் தாண்டியதும் மூன்றாவதில் தொகுதிக்கு 22, 26, 19 என்று வந்தது. நான்காவதில் 2, 3. முதலாவதும் இரண்டாவதும் சுத்தம். 2500-இல் பூச்சியம். மூன்றாம் கியரில் முழுதாக மிதித்து மேடு ஏறியபோதும் பூச்சியம். நீண்ட கால டிரிம் +3.

சி.என்.ஜி. வண்டியில் ஒரு வசதி உண்டு. வாயுவுக்குத் தனி இன்ஜெக்டர்கள் இருக்கின்றன, ஆனால் எண்ணுவது அதே கிராங்க் சென்சார்தான். ஐடிலிங்கில் சுவிட்சை மாற்றி வாயுவில் ஓட்டினேன். மூன்றாவதில் 24, 21 என்று அதே அளவு தொடர்ந்தது. ஒரு ஸ்பேனரும் தொடாமல் பெட்ரோல் இன்ஜெக்டர் பட்டியலிலிருந்து நீங்கியது. காயில், பிளக் இடமாற்றத்திலும் எண் மூன்றிலேயே நின்றது.

குளிர்ந்த நிலையில் கம்ப்ரஷன் எடுத்தால் 12.5, 12.8, 12.0, 12.6 பார். இந்த அளவைக் கண்டு, கம்ப்ரஷன் சரி என்று எழுதிவிட்டு வேறு பக்கம் போய்விடுவது மிக எளிது. ஆனால் கோளாறு சூட்டில் மட்டும் வருகிறது. அளவையும் சூட்டில்தான் எடுக்க வேண்டும். ஓட்டி வந்து, கை சுடச்சுட பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் கனெக்டர்களையும் காயில் கனெக்டர்களையும் விலக்கி, திராட்டிலை முழுதாகத் திறந்து மீண்டும் எடுத்தபோது 12.9, 13.1, 9.4, 12.8. மூன்றாவதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு எடுத்தால் 9.6தான் வந்தது. ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும். ஏறாததால் வால்வு.

பிஸ்டனை மேல் முனையில், இரு வால்வுகளும் மூடிய நிலையில் நிறுத்தி, லீக் டவுன் கருவியில் காற்று கொடுத்தேன். மற்ற மூன்றிலும் கசிவு 8 முதல் 10 சதவீதம், இதில் 38. எண்ணெய் மூடியருகே காதை வைத்தால் அமைதி. ரேடியேட்டரில் குமிழி இல்லை. திராட்டில் வாயிலும் அமைதி. சைலன்சர் முனையில் உள்ளங்கையை வைத்தபோது குளிர்ந்த மெல்லிய காற்று தோலில் பட்டது, கூர்ந்து கேட்டால் சீறலும் இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு.

வால்வு கவரைத் திறந்து, என்ஜின் இரவெல்லாம் ஆறிய பின் இடைவெளி அளந்தேன். இந்த என்ஜினின் கையேடு எக்ஸாஸ்டுக்குக் கேட்பது 0.28 முதல் 0.32 மி.மீ. மூன்றாவது சிலிண்டரின் இரு எக்ஸாஸ்ட் வால்வுகளில் ஒன்று 0.08, மற்றது 0.05. மற்ற சிலிண்டர்களில் 0.18 முதல் 0.22 வரை. காரணம் விளங்கியது. பெட்ரோலில் ஓடும்போது வால்வுக்கும் அதன் சீட்டுக்கும் இடையே படியும் மெல்லிய காப்பு, உலர்ந்த வாயுவில் கிடைப்பதில்லை. சீட் தேய்ந்து வால்வு மேலேறுகிறது, டேப்பெட் இடைவெளி சுருங்குகிறது. ஹைட்ராலிக் டேப்பெட் இல்லாத என்ஜினில் இதை ஈடுசெய்ய எதுவும் இல்லை. சூடாகும்போது வால்வுத் தண்டு நீளும், மிச்சமிருந்த 0.05-உம் தீர்ந்து, மூட வேண்டிய நேரத்தில் கேம் வால்வை மயிரிழை திறந்தே பிடித்துக்கொள்கிறது. குளிரில் பூச்சியம், சூட்டில் 22 என்று எண் ஏன் பிரிந்தது என்பதற்கு இதுவே விடை.

குளிர்ந்த நிலையில் 12.0 வந்ததால் வால்வின் விளிம்பு இன்னும் எரியவில்லை என்று கருதினேன். எரிந்திருந்தால் குளிரிலும் அளவு கீழே கிடந்திருக்கும், ஹெட்டை இறக்காமல் வழி இருந்திருக்காது. போரோஸ்கோப்பில் பார்த்தபோதும் விளிம்பு முழுதாக இருந்தது. எட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கும் ஷிம் மாற்றி இடைவெளியை 0.30-க்குக் கொண்டுவந்தேன். சூட்டில் மூன்றாவதின் கம்ப்ரஷன் 12.4 வந்தது. கசிவு 13 சதவீதம். சீட்டில் கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை, உரிமையாளரிடம் அப்படியே சொன்னேன்.

`$0C`-இல் அன்று மாலை மூன்றாவது சிலிண்டர் 1, மற்றவை 0. `$0B` இரண்டு வாரம் கழித்துத்தான் இறங்கியது. 10,000 கிலோமீட்டரில் மீண்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்; அப்போது அதே இரு வால்வுகளிலும் 0.26, 0.25 இருந்தது, ஐடிலிங்கில் எண் பூச்சியம். அடுத்த 10,000-இல் மீண்டும் அளக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.